சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் ஒரே வெறும் வயிறு போதுமா?

சர்க்கரைக்கு 8 மணி நேரம், கொழுப்புக்கு 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனி நாளில் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். 8 மணி நேரம் என்பது சர்க்கரைக்குக் குறைந்தபட்சம்தான். 10 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் ஒரே தடவை குத்தி இரண்டையும் பார்த்துவிடலாம். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்து, காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்தால் 11 மணி நேரம், கணக்கு சரி. நடுவில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். முந்தைய இரவு மது வேண்டாம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறிவிடும். ‘நீளமாக இருந்தால் இன்னும் துல்லியம்’ என்று 16 மணி நேரம் பட்டினி கிடக்கவும் வேண்டாம். அவ்வளவு நீண்ட பட்டினியில் உங்கள் வழக்கமான நிலையை முடிவு காட்டாமல் போகலாம்.

லேபில் இரண்டு டியூப் எடுப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண டியூபில் அப்படியே விட்டால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும்; அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையலாம். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப்.

காலையில் சர்க்கரை போடாமல் அரை டம்ளர் காபிதான் குடித்தேன். பரவாயில்லையா?

பால் சேர்த்திருந்தால் அது சாப்பாடுதான். கறுப்புக் காபி என்றாலும் காஃபீன் சிலருக்குச் சர்க்கரையை அசைத்துவிடும். ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள், வேறொரு நாள் போய்க்கொள்ளலாம்.

சாப்பிட்ட பிறகு கொழுப்புப் பரிசோதனை எடுத்தேன். கெட்ட கொழுப்பு போன தடவையைவிடக் குறைவாக வந்திருக்கிறது! எப்படி?

பல லேப்களில் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்.

வெறும் வயிற்றில் மொத்தம் 210, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்வோம். 210-இல் 40 போக, 30 போக, எல்டிஎல் 140. அதே ஆள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்: மொத்தம் 208, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 250. இப்போது 208-இல் 40 போக, 50 போக, 118. இரண்டு முடிவுக்கும் நடுவே கொழுப்பு ஒன்றும் கரைந்துவிடவில்லை, கழிக்கும் எண்தான் பெருத்திருக்கிறது. மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: முதலில் 170, பிறகு 168. இந்த ‘நான்-எச்டிஎல்’ எண் சாப்பாட்டுக்கு அதிகம் அசையாது.

அதனால்தான் இன்று வழக்கமான சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பல மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கணக்கும் நிற்காது.

சர்க்கரையைப் பட்டினியே இல்லாமல் பார்க்க முடியாதா?

முடியும். எச்பிஏ1சி அதற்குத்தான். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால், எப்போது சாப்பிட்டீர்கள் என்பது அதற்குப் பொருட்டல்ல. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்.

எந்த நேரத்திலும் எடுக்கும் ‘ரேண்டம்’ சோதனையும் உண்டு. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு இருந்து, அதில் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் உறுதி. ஆனால் 130 வந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகிவிட முடியாது. வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை நோயின் எல்லை.

எச்பிஏ1சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் எண் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய் இருந்தாலோ குறைவாகக் காட்டும். கர்ப்பிணிகளுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. ஒருவருக்கு எச்பிஏ1சி 6.7, வெறும் வயிற்றில் 112 என்று இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நான் முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பேன். அது சரியாக இருந்தால், எல்லையைத் தாண்டிய சோதனையை, இங்கே எச்பிஏ1சியை, இன்னொரு முறை எடுக்க வேண்டும். மறுபடியும் 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் முடிவு உறுதி.

நான் ஏற்கனவே சர்க்கரை மாத்திரை போடுகிறேன். 12 மணி நேரம் தாங்குமா?

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் முந்தைய இரவு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை மருந்தை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு போடுவதே வழக்கம். முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், பையில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால், மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், சோதனையை மறந்துவிட்டு உடனே அதைச் சாப்பிடுங்கள்.