சத்தம் இல்லாமல் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும்: சப்டைட்டில் கேள்வி பதில்

கோத்தகிரி வேன் டிரைவர்: அக்கா, மலை இறங்குறப்ப நியூட்ரல்ல போடாதீங்கன்னு ஒரு வீடியோ போட்டேன். ஆப்பே எழுத்தும் போட்டுக் கொடுத்துச்சு. ஆனா 'இப்படியா சொல்லித் தர்றது'ன்னு என்னையே திட்டுறாங்க. ஏன்?

குன்னூர் எடிட்டர்: வீடியோவைப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் பேசியது இது: "நியூட்ரல்ல இறக்கினா டீசல் மிச்சம்னு சொல்வாங்க, அதெல்லாம் நம்பாதீங்க, ரெண்டாவது கியர்லயே இறங்குங்க." நீங்கள் மூச்சு விட்ட இடத்தில் ஆப் வெட்டியிருக்கிறது. அதனால் 'நியூட்ரல்ல இறக்கினா டீசல் மிச்சம்' என்பது மட்டும் தனியாகத் திரையில் நிற்கிறது. காதால் கேட்பவருக்கு உங்கள் குரலில் இருக்கும் நக்கல் புரிந்துவிடும். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் அதை உங்கள் யோசனை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

கூடாது, இல்லை, வேண்டாம், நம்பாதீங்க எல்லாம் நம் பேச்சில் கடைசியில்தான் வரும். வாக்கியத்தை நடுவில் வெட்டினால் முதல் துண்டு நேர் எதிர்ப் பொருளில் நிற்கும். அதனால் பேசியதை அப்படியே எழுதாமல், மறுப்பு அதே துண்டுக்குள் முடியும்படி மாற்றுங்கள்:

```
1
00:00:04,000 --> 00:00:07,000
டீசல் மிச்சம் என்று நம்பி
நியூட்ரலில் இறக்காதீர்கள்

2
00:00:07,000 --> 00:00:09,500
இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்
```

இதைத் தனி ஃபைலாக விடாமல் படத்தோடு பதித்துவிடுங்கள். டிரைவர் வீடியோ வாட்ஸ்அப்பில்தான் கைமாறும், தனி ஃபைல் கூடவே போகாது. பதித்த பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், வீடியோவை முன்பு கேட்டிராத ஒருவரிடம் சத்தமில்லாமல் காட்டி, என்ன புரிந்தது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊட்டி கல்லூரி மாணவர்: வரிக்கு இத்தனை எழுத்துன்னு அளவு இருக்கே மேடம்? சாப்ட்வேர் சிவப்பு காட்டினா நான் குறைச்சிடுவேன்.

எடிட்டர்: பாதி சரி. அளவு வேண்டும், இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பல சாப்ட்வேர்கள் எண்ணும் விதம் தமிழுக்கு ஒத்துவராது. 'கூடாது' நமக்கு 3 எழுத்து. காலையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுகிற சாப்ட்வேருக்கு அது 6. அந்தச் சிவப்புக்குப் பயந்து வெட்டினால் தேவையான சொல்தான் போகும். எழுதியதை வாய்க்குள் நிதானமாக ஒருமுறை படியுங்கள், அதற்கு ஆகும் நேரமாவது எழுத்து நிற்கட்டும். நேரம் பற்றாவிட்டால் 'அதாவது', 'பாத்தீங்கன்னா' இவற்றை எடுங்கள். மறுப்பு, எண், ஊர்ப்பெயர் மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

வர்க்கி விற்பவர்: நான் பேசுறதே இல்லைங்க, வர்க்கி சுடுறதைக் காட்டிப் பாட்டுதான் வைக்கிறேன். அந்தப் பாட்டு வரியை எழுதணுமா?

எடிட்டர்: வேண்டாம். விலையும் கடை இருக்கும் தெருவும் எழுதுங்கள், போதும்.

டிரைவர்: இன்னொண்ணுக்கா. பர்லியார் பக்கம் மிஸ்ட்ல எடுத்தேன், எழுத்தே தெரியல.

எடிட்டர்: வெள்ளை மிஸ்ட்டில் வெள்ளை எழுத்து எப்படித் தெரியும்! எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். எழுத்தை ஓரமாகவும் வைக்காதீர்கள். அடியில் கணக்கின் பெயரும் விவரமும் மறைக்கும், வலது பக்கம் லைக் பட்டன்கள் மறைக்கும். அடியிலிருந்து கால் பங்கு மேலே ஏற்றினால் பெரும்பாலும் தப்பிக்கும்.

பறவை பார்ப்பவர்: சோலைக்குள் சீகாரப் பூங்குருவி பாடியதை எடுத்தேன். '[பறவை ஒலி]' என்று போட்டால் போதும்தானே?

எடிட்டர்: பறவை திரையில் இருக்கும்போது அதனால் என்ன பயன்? ஆள் சீட்டியடிப்பது போல இருப்பதுதானே அதன் சிறப்பு. '[ஆள் சீட்டியடிப்பது போன்ற நீண்ட குரல்]' என்று எழுதலாம். எல்லாச் சத்தத்தையும் எழுத வேண்டியதில்லை. திரையில் இருப்பவர் எதையோ கேட்டுத் திரும்பினால், அதைக் கட்டாயம் எழுதுங்கள். டிரைவர் அண்ணா வீடியோவில் அவர் சட்டென்று ஓரம் கட்டுகிறார். '[வளைவுக்கு அப்பால் லாரி ஹாரன்]' என்று இல்லாததால் காரணமே தெரியவில்லை. ஹாரன் கேட்கும் நொடியில் எழுத்தும் வர வேண்டும்.

ஹட்டியிலிருந்து ஒருவர்: எங்க பாட்டி படுகுல கதை சொல்றாங்க. அதைத் தமிழ் எழுத்துல அப்படியே போடலாமா, இல்ல தமிழாக்கமா?

எடிட்டர்: ஹட்டிக்குள் மட்டும் பார்ப்பார்கள் என்றால் அப்படியே போடுங்கள். கோயம்புத்தூர்க்காரர் சத்தமில்லாமல் பார்த்தால் ஒன்றும் புரியாது, அவருக்குத் தமிழாக்கம் வேண்டும். இரண்டையும் மேலும் கீழுமாகப் போட்டால் படிக்க இரட்டிப்பு நேரமாகும், பாட்டியோ வேகமாகப் பேசுகிறார்.

அவரே: தமிழ் மட்டும் போட்டா பாட்டி தமிழ்லதான் பேசுறாங்கன்னு நினைச்சுக்குவாங்களே.

எடிட்டர்: நியாயம்தான். தொடக்கத்தில் '[படுக மொழியில்]' என்று போட்டால் அந்தக் குழப்பம் தீரும். கதையில் வரும் பழமொழியை மட்டும் படுகிலும் காட்டலாமா என்பதில் எங்கள் எடிட்டிங் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் காட்டலாம் என்கிற கட்சி, அதுவும் பாட்டி அந்த இடத்தில் நிறுத்திப் பேசியிருந்தால்.