அட்டாலி நிறைய அப்புச்சியின் புத்தகங்கள்: கேள்வி பதில்

கோபி வாசகி: எங்க அப்புச்சி விட்டுப்போன புத்தகம் ஆயிரத்து எண்ணூறு இருக்குமுங்க. வீட்டைக் காலி பண்ணணும். பழைய புத்தகக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கறேங்கறார். கொடுத்துரலாமா?

ஒரு வாரம் பொறுங்க. எடைக்கு விடுவதற்கு முன் தடிப் புத்தகங்களுக்கு நடுவே சொருகியிருக்கும் ஒல்லிப் பிரதிகளை உருவி எடுங்க. கும்மி, சிந்து, கும்பாபிஷேக மலர், ஊர்ச்சங்க மாநாட்டு அறிக்கை என்று பதினாறு, முப்பத்திரண்டு பக்கத்தில் இருக்கும். தராசில் இவற்றுக்கு மதிப்பே இல்லை. ஆனால் ஈரோட்டிலோ கோவையிலோ சின்ன அச்சகத்தில் போட்ட இதெல்லாம் மறுபதிப்பு வந்திருக்காது.

தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படமெடுங்க. ஆண்டு ௧௯௩௨ என்று தமிழ் எண்ணில் இருக்கலாம், வெறும் ‘ஆங்கிரஸ வருஷம்’ என்றும் இருக்கலாம். அது 1932-33. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், ஆக 1872 ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

ஒவ்வொன்றையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக மெதுவாக உதறுங்க. பஞ்சாங்கத்துக்குள் நிலப்பத்திரம் கிடக்கும்.

திருப்பூர் வாசகர்: எங்க அப்பாரு வெச்சிருந்த இங்கிலீஷ் கலைக்களஞ்சியம், 24 வால்யூம், தோல் பைண்டிங். பழசுன்னா விலை போகுமில்லைங்களா?

பழசுதான், ஆனால் அதை வாங்க ஆள் இருக்கணுமே. இந்த ரகம் அநேகமாக எடைக்குத்தான் போகும். ஒரு வால்யூம் குறைந்தால் அதுவும் கஷ்டம்.

பொள்ளாச்சி வாசகர்: மொத்தமா பக்கத்து நூலகத்துக்குக் கொடுத்துட்டாப் போச்சு, எதுக்கு இத்தனை ரோதனை?

இடமில்லாத கிளை நூலகத்தில் இறக்கினால் மூட்டையாகவே கிடக்கும். முதலில் பட்டியலை அனுப்பி, எது வேண்டும் என்று கேளுங்க. அரிய பதிப்புகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூர் முத்தையா 1992-ல் காலமான பின், அவர் சேர்த்ததைச் சிதறவிடாமல் காப்பாற்றியதில் உருவான நூலகம் அது. அவர்களிடம் இல்லாதது எது என்று பார்த்தே கொடுங்க.

கரூர் வாசகி: எங்க அலமாரியில கரையானுங்க. நாப்தலின் உருண்டை போட்டும் போகலை.

போகாது. கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியாக ஏறுகிறது. அலமாரியை நான்கு விரல் தள்ளி வைத்து, பின்னால் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அதற்கென்று மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடணும். மண்ணே இல்லாமல் புத்தகத் தாள்களில் பொடிப்பொடியான ஓட்டையும் மாவும் மட்டும் இருந்தால் அது கரையான் இல்லை, வண்டு. எதுவானாலும் அரித்ததைப் பாலித்தீன் பையில் கட்டித் தனியே வையுங்க. தானப் பெட்டியில் போனால் அங்கிருப்பதையும் தின்றுவிடும்.

கோபி வாசகி: அப்புச்சி ஓரத்தில் பென்சிலில் எழுதிவெச்ச புத்தகங்களை அம்மா விடமாட்டேங்கறாங்க, அண்ணன் வித்துருன்னு சொல்றான்.

எழுத்து இருக்கிற பக்கங்களைப் படமெடுத்து இரண்டு பேருக்கும் கொடுங்க. புத்தகம் யாரிடம் போகணும் என்பதை அம்மாவிடமே விட்டுவிடுவேன் நான். அண்ணன் ஒத்துக்கொள்வாரா என்பது எனக்குத் தெரியாது.