மலச்சிக்கலில் வயிறு ஏன் பிடித்து வலிக்கிறது?

"5 வயது மகளுக்குச் சாப்பிட்டதும் வயிறு பிடித்துப் பிடித்து வலிக்கிறது. மலம் இறுகியதுதான் காரணமா, எப்படிக் கண்டுபிடிப்பது?"

மலச்சிக்கல் என்றால் மலம் இறுகி, சிரமப்பட்டு வெளியேறுவது. பெருங்குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வலிக்குப் பயந்து குழந்தை அடக்க அடக்க, மலம் இன்னும் கெட்டியாகிறது. முறுக்கு மாவு இறுகிவிட்டால் அச்சை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது? குடலும் அப்படித்தான் விட்டுவிட்டு இறுக்கிப் பிழிகிறது, அதுதான் அந்த வலி. சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே வேகமாக இயங்குவதால் அப்போது வலி கூடும்.

அடையாளம் என்ன? வலி தொப்புளைச் சுற்றியோ இடது அடிவயிற்றிலோ வந்து வந்து போகும். நடுவில் குழந்தை விளையாடும். மலம் உருண்டை உருண்டையாகவோ மிகப் பருத்தோ வரும், போனதும் வலி நன்றாகக் குறையும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். மருத்துவர் இடது அடிவயிற்றைத் தடவினால் கட்டியான மலம் கைக்குத் தட்டுப்படலாம்.

ஆனால் வலி விடாமல் கூடினாலோ, வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, காய்ச்சல், பச்சை வாந்தி, வயிறு உப்பல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், ஜட்டியில் தண்ணீராகக் கசிவதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் அது இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் இளகிய மலம்தான், அதற்குப் போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும்.