ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அன்புள்ள அக்கா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் முதுகலை படிக்கிறேன். இங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். முதலில் “அண்ணா” என்றேன். பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்லிவிட்டார். இது விருந்தோம்பலா, வேறு எண்ணமா? வாய்விட்டுக் கேட்டால் இருக்கிற ஓர் ஊர்க்காரரையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அந்த நாட்டில் நான்கு குளிர்காலங்களைக் கழித்தவள். ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தனியாக இருப்பவருக்கு வாரத்தில் மிக நீளமான நாள் அதுதான். போதாததற்கு, சாம்பாரை ஒருவருக்கு மட்டும் வைக்கவே முடியாது. எவ்வளவு குறைத்துப் பருப்புப் போட்டாலும் மூன்று நாளைக்கு வந்துவிடும். இலங்கைத் தமிழர் கடையில் தேடி வாங்கிய முருங்கைக்காயைத் தனியே உட்கார்ந்து தின்ன யாருக்கும் மனம் வராது. ஆகவே அடிக்கடி கூப்பிடுகிறார் என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

“அண்ணா” வேண்டாம் என்றதும் அப்படித்தான். அலுவலகத்தில் எல்லாரையும் பெயர் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த அழைப்பு கூச்சமாக இருக்கும். ஆனால் மற்ற இளையவர்கள் அண்ணா என்றால் திரும்பிப் பார்ப்பவர், உங்களிடம் மட்டும் வேண்டாம் என்றாரென்றால் அதற்குப் பொருள் உண்டு. தமிழில் ஒரு முறையை மறுப்பது, இன்னொரு முறைக்கு இடம் விட்டுவைப்பதாகவும் இருக்கலாம்.

என்ன சமைத்தார் என்பதைவிட, எத்தனை தட்டு வைத்தார் என்று பாருங்கள். என் கதையைச் சொல்கிறேன். ஒருவர் என்னை வாராவாரம் அழைத்துக்கொண்டிருந்தார். குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பதால், ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, இரவெல்லாம் மாவை அதற்குள் வைத்திருப்பார். நான் கத்தரிக்காய் சாப்பிட மாட்டேன் என்று ஒரு முறை சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் கத்தரிக்காயைப் பார்த்ததே இல்லை. நல்ல மனிதர் என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒரு ஞாயிறு, முன்கூட்டிச் சொல்லாமல், அறைத்தோழியையும் அழைத்துப் போனேன். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. மூன்றாவதை அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். பரிமாறுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறார் வள்ளுவர். நான் அன்று வாடினேன். எனக்கு விடையும் கிடைத்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாயால் சொல்லக் கூச்சப்பட்டதைச் சமைத்துச் சொல்லியிருக்கிறார். தவறு என்று பார்த்தால், புரிந்த பிறகும் மூன்று வாரம் நான் சாப்பிடப் போனதுதான். ரசத்தை விட மனம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் நம்பிக்கையை வளர்த்துக்கொண்டுவிட்டார். பிறகு நான் சொன்னபோது, முதல் நாளே சொல்லியிருந்தால் பட்டிருக்கும் வலியைவிட அதிகம் பட்டார். அதன்பின் அவர் அழைக்கவில்லை. நீங்கள் பயப்படும் இழப்பு உண்மையானதுதான்.

நீங்கள் என்னைப்போல் திடுதிப்பென்று யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். “தோழியும் வரலாமா?” என்று இரண்டு நாள் முன்னதாகவே கேளுங்கள். “தாராளமாக, அரிசி ஒரு டம்ளர் கூடப் போடுகிறேன்” என்று உடனே சொன்னால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். “இன்னொரு வாரம் பார்க்கலாமே” என்று ஒருமுறை சொன்னால் அது வேலைப்பளுவாக இருக்கலாம். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால், நேராகப் பேசும் நேரம் வந்துவிட்டது. அதை அவர் வீட்டு மேசையில், அவர் பரிமாறிய சோற்றுக்கு முன்னால் பேசாதீர்கள். இருவருக்கும் எழுந்துபோக வழியிருக்காது. வார நடுவில் தொலைபேசியிலோ, ரயில் நிலையம் வரை நடக்கும்போதோ சொல்லுங்கள்: “உங்களை நல்ல நண்பராக நினைத்துத்தான் வருகிறேன். உங்கள் மனத்தில் வேறு எண்ணம் இருந்தால் சொல்லிவிடுங்கள்.”

செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சாப்பிட்ட சோற்றுக்குச் சோற்றால் கைம்மாறு செய்யலாம்: காய்கறி வாங்கிப் போங்கள், ஒருநாள் நீங்கள் சமைத்து நான்கு பேரோடு அவரையும் அழையுங்கள். சம்மதம் அந்தக் கணக்கில் சேராது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். தோழியை அழைத்துப் போகலாமா என்று கேட்பதற்கு முன், அவர் “தாராளமாக” என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா, ஏமாற்றமாக இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஏமாற்றம் என்றால், நான் மேலே எழுதிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அக்கா