வாங்கோமைசின்: இரண்டு ரத்த மாதிரியும் ஒரு பரப்பளவும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை நோயாளி, கால் புண்ணிலிருந்து எம்ஆர்எஸ்ஏ கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று வார்டில் சேர்த்திருக்கிறோம். வாங்கோமைசின் 1000 மில்லிகிராம், காலை 8, இரவு 8 என்று இரண்டு வேளை, ஒவ்வொன்றும் 2 மணி நேரம் டிரிப்பில் ஏறுகிறது. மூன்றாம் நாள் மிஸ்ஸி மதியம் 12 மணிக்கும் மாலை 7 மணிக்கும் ரத்தம் எடுத்தார். 36, 18 என்று வந்ததாம். இணையத்தில் பார்த்தால் 15 முதல் 20 வரை சரியான அளவு என்று போட்டிருக்கிறது. 18 நடுவில்தானே இருக்கிறது? ஆனால் மருந்தாளர் "ஏயூசி அதிகம்" என்று சொல்லி 750 ஆகக் குறைத்துவிட்டார். கிருமி சாகாமல் போய்விடாதா?

பதில்:

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு மருந்தாளராக இருக்கிறேன், இந்தக் கணக்கைத்தான் தினமும் போடுகிறேன். உங்கள் அப்பாவின் கோப்பை நான் பார்க்கவில்லை, அதனால் நீங்கள் தந்த எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அந்த எண்களின்படி குறைத்தது சரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் இணையத்தில் பார்த்த 15 முதல் 20 என்பது 2009இல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதல். அடுத்த டோஸ் ஏறுவதற்குச் சற்று முன்பு ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரே ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு டிரஃப் என்று பெயர், நாள் முழுவதிலும் மருந்து ஆகக் குறைவாக இருக்கும் நேரம் அது. கிருமியைக் கொல்வது அந்த ஒரு நேரத்து அளவு என்று அப்போதும் யாரும் நினைக்கவில்லை. 24 மணி நேரத்தில் உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்துக்கு உட்பட்டது என்பதுதான் முக்கியம் என்று தெரியும், ஆனால் அதை ஒவ்வொரு நோயாளிக்கும் வார்டில் கணக்குப் போடுவது சிரமம் என்பதால் டிரஃப்பை அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தால், 15 முதல் 20க்குள் வைக்கிறோம் என்று டோஸை ஏற்றிக்கொண்டே போனதில் பலருக்குச் சிறுநீரகம் அடிவாங்கியது. 2020இல் அந்த வழிகாட்டுதலைத் திருத்தி, கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றுக்கு டிரஃப்பை விட்டுவிட்டு ஏயூசியைப் பாருங்கள், 24 மணி நேரத்துக்கு 400 முதல் 600 வரை இருக்கட்டும் என்றார்கள்.

ஏயூசி என்றால் என்ன? ஒரு தாளில் கீழே நேரத்தையும், பக்கவாட்டில் ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவையும் குறித்துக் கோடு வரையுங்கள். டிரிப் ஏறும் 2 மணி நேரமும் கோடு மேலே போகும், நின்றதும் வளைந்து இறங்க ஆரம்பிக்கும். அந்த வளைகோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்பளவுதான் ஏயூசி. வெயிலில் நின்றால் தோல் கறுப்பது வெயிலின் உக்கிரம், நின்ற நேரம் இரண்டையும் சேர்த்துத்தானே, அதே மாதிரி இதுவும் அளவையும் நேரத்தையும் பெருக்கி வருவது. அதனால்தான் இதன் அலகு மில்லிகிராம்-மணி/லிட்டர் என்று வருகிறது.

சரி, இப்போது அப்பாவின் எண்களுக்கு வருவோம். மதியம் 12க்கு 36, மாலை 7க்கு 18. ஏழு மணி நேரத்தில் சரிபாதி. இந்த மருந்து ஒவ்வொரு மணிக்கும் ரத்தத்தில் அப்போது இருப்பதில் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் வெளியேறும், ஆகவே இரண்டு புள்ளி கிடைத்தாலே இறங்கும் கோடு முழுவதையும் வரைந்துவிடலாம். ஒரே புள்ளி என்றால் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று தெரியாது. இரண்டு முறை ஊசி குத்தியதற்குக் காரணம் இதுதான். முதல் மாதிரியை டிரிப் முடிந்த 10 மணிக்கே எடுக்காமல் 12 வரை காத்திருந்ததற்கும் காரணம் உண்டு: மருந்து ரத்தத்திலிருந்து தசை, திசுக்களுக்குள் பரவி நிலைபட ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்கு முன்பே எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

கணக்கு இப்படிப் போகும்:

```
k = ln(36/18) / 7 = 0.099
10:00 = 36 × e^(0.099×2) = 43.9
20:00 = 18 × e^(-0.099×1) = 16.3
8:00–10:00  = (16.3 + 43.9)/2 × 2 = 60.2
10:00–20:00 = (43.9 − 16.3)/0.099 = 278.8
AUC24 = (60.2 + 278.8) × 2 = 678
```

முதல் வரி மருந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. இரண்டாவது வரியில் கோட்டைப் பின்னோக்கி நீட்டி டிரிப் முடிந்த 10 மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்க்கிறோம், மூன்றாவதில் முன்னோக்கி நீட்டி இரவு 8 மணிக்கு, அதாவது உண்மையான டிரஃப். காலை 8 மணிக்கும் அதே 16.3 என்று வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் மூன்றாம் நாளுக்குள் ஏறுவதும் இறங்குவதும் வேளைக்கு வேளை ஒரே மாதிரி ஆகியிருக்கும். ஏறும் பகுதியின் பரப்பு ஒரு சரிவகம், இறங்கும் பகுதி வளைவு என்பதால் வேறு சூத்திரம். இரண்டையும் கூட்டினால் ஒரு வேளைக்கான பரப்பு, நாளைக்கு இரண்டு வேளை என்பதால் இரண்டால் பெருக்கினால் 678.

அதாவது டிரஃப் 16.3, பழைய வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மொத்தம் 600ஐத் தாண்டிவிட்டது. பழைய முறையில் பார்த்திருந்தால் "எல்லாம் சரி" என்று அப்படியே தொடர்ந்திருப்பார்கள், சிறுநீரகம் மெல்ல மெல்ல மோசமாகியிருக்கும். வாங்கோமைசினில் ஏயூசி டோஸுக்கு நேர் விகிதத்தில் மாறும், ஆகவே 750 கொடுத்தால் 678இல் முக்கால் பங்கு, ஏறத்தாழ 508. இது 400க்கும் 600க்கும் நடுவில். கிருமி சாகுமா என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் பதில்: 400 என்ற கீழ் எல்லை கிருமியைக் கொல்வதற்காக வைத்தது, அதற்கு மேலே இன்னும் 100க்கு மேல் இருக்கிறது. அடுத்த முறை டிரஃப் 12 என்று வந்தால் பதறாதீர்கள், இந்தக் கணக்குப்படி அவ்வளவுதான் வரவேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 400 முதல் 600 என்பது கிருமியின் எம்ஐசி, அதாவது அந்தக் கிருமி வளராமல் நிறுத்தத் தேவையான ஆகக் குறைந்த மருந்து அளவு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு சொன்னது. லாப் அறிக்கையில் 2 என்று வந்தால், ஏயூசியை எம்ஐசியால் வகுத்து வரும் விகிதம் பாதுகாப்பான டோஸில் 400ஐ எட்டுவது கஷ்டம், அப்போது டாக்டர்கள் வேறு மருந்தை யோசிப்பார்கள். அப்பாவின் அறிக்கையில் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது, எது தப்பாகப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கு முழுக்க நேரத்தின் மேல் நிற்கிறது. மதிய ரத்தம் 12க்கு எடுத்ததாக எழுதியிருக்கிறது, உண்மையில் எடுத்தது 1 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 36, அதே 18, ஆனால் பாதியாகக் குறைய ஆன நேரம் இப்போது 6 மணி. மறுபடி போட்டால் 738 வருகிறது. ஒரு மணி நேரப் பிசகுக்கு 60 வித்தியாசம். வார்டில் இது சாதாரணமாக நடக்கும்: அப்பா கையை மடக்கிப் படுத்ததில் பம்ப் அலறி நின்றிருக்கும், எக்ஸ்ரே எடுக்கக் கீழே கொண்டுபோனபோது டிரிப்பை நிறுத்தி வைத்திருப்பார்கள், தாள் மட்டும் 8 முதல் 10 என்றே சொல்லும். அதனால்தான் நான் கணக்குப் போடுவதற்கு முன்பு மிஸ்ஸியிடம் போய் "டிரிப் நிஜமாக எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது" என்று கேட்பேன். நீங்கள் பக்கத்தில் இருந்து அப்படி ஏதாவது பார்த்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் ஒரு வரி பல நேரம் கோப்பைவிடத் துல்லியமாக இருக்கும்.

இன்னொன்று, மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து ரத்தத்தை இழுப்பது. குழாயில் ஒட்டியிருக்கும் மிச்ச மருந்தும் சேர்ந்து வரும். அப்படி 36க்குப் பதில் 100 என்று வந்திருந்தால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வேளை டோஸை அந்த வேளையின் ஏயூசியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் ரத்தம் மருந்தில்லாமல் சுத்தமாகிறது என்று வரும், அதை k-ஆல் வகுத்தால் மருந்து பரவியிருக்கும் கொள்ளளவு. அப்பாவின் எண்களில் அது ஏறக்குறைய 30 லிட்டர், 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நம்பத்தகுந்த எண். 100 என்று வைத்துப் போட்டால் 5 லிட்டர்தான் வரும். பெரியவர் யாருக்கும் அப்படி வராது, அந்த மாதிரியைத் தூக்கிப்போட்டு இன்னொரு கையில் மறுபடி எடுக்க வேண்டும்.

நான் ஆக அதிகமாகக் கவலைப்படுவது சிறுநீரகத்தைப் பற்றி. வாங்கோமைசின் பெரும்பாலும் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அப்பாவின் எண்களில் சுத்தமாகும் வேகம் மணிக்கு சுமார் 3 லிட்டர். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் கூடும் கழிவு; நாளை அது ஏறி அந்த வேகம் 2 லிட்டருக்கு இறங்கினால், 750 மில்லிகிராம் டோஸிலேயே ஏயூசியும் மெல்ல ஏறி 750 வரை போய்விடும். இன்று போட்ட பரப்பளவு இன்றைய சிறுநீரகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அப்புறம் பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் கூடவே ஓடுகிறதா, வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா என்று பாருங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரையும் இதில் சேர்த்திதான். வாங்கோமைசினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும்.

ஆகவே மருந்தாளரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: சேர்த்த நாளிலிருந்து கிரியேட்டினின் எப்படிப் போகிறது, கிருமியின் எம்ஐசி எவ்வளவு, 750க்கு மாற்றிய பிறகு மறுபடி எப்போது ரத்தம் எடுப்பார்கள். சில இடங்களில் இப்போது மென்பொருள் வைத்திருக்கிறார்கள், அது ஒரே மாதிரியை வைத்தும் ஏயூசியை மதிப்பிடும், அதனால் அடுத்த தடவை ஒரு முறைதான் குத்தினார்கள் என்றால் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். கிரியேட்டினின் அப்படியே நின்றால் புது டோஸ் நிலைபட்டதும், அதாவது இரண்டு நாளில், எடுப்பார்கள். ஏறிக்கொண்டிருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது, சிறுநீர் குறைகிறது என்று நீங்கள் கவனித்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள்.