பச்சை விளக்கைக் கடைசியில் போடுங்கள்

"அண்ணா, டொராண்டோ வந்து ரெண்டு மாசம் ஆச்சு. கஸ்டமர் சப்போர்ட் வேலை, வீட்டிலிருந்துதான். திங்கட்கிழமையிலிருந்து தனியா ஷிப்ட் பார்க்கணும். ஷிப்ட் தொடங்குறதுக்கு முன்னாடி என்னென்ன சரிபார்த்து வெச்சுக்கணும்?"

தம்பி, முதலில் வரிசையை மனதில் வையுங்கள்: கருவிகள், அறிவிப்புகள், வாடிக்கையாளர் கோரிக்கைகளான டிக்கெட்டுகள் காத்திருக்கும் க்யூ, கடைசியில்தான் ஸ்டேட்டஸ். பலர் லாகின் செய்த கையோடு Online போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து சாட்டும் அழைப்பும் உங்களிடம் வரத் தொடங்கிவிடும். மைக் வேலை செய்கிறதா என்று அதற்குப் பிறகு தேடினால், வாடிக்கையாளர் மறுமுனையில் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் இருந்தேன். தனி மானிட்டர் வாங்கக் காசில்லை, வீட்டு டிவியை ஹெச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்போடு இணைத்துக்கொண்டேன். ஸ்டேட்டஸ் பச்சை, இணையமும் நன்றாக இருந்தது. முக்கால் மணி நேரம் ஒரு சாட்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். டீம் லீட் அழைத்து, "நான்கு சாட் உங்களிடம் வந்து, எடுக்க ஆளில்லாமல் அடுத்தவருக்குப் போயிருக்கிறது" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காரணம் அந்த ஒரு கேபிள்தான். கேபிளைச் செருகியதும் விண்டோஸ் ஒலியை டிவிக்கு மாற்றிவிட்டது. டிவியோ மியூட்டில் இருந்தது. அதோடு, ஒரே திரையை இரண்டிலும் காட்டும் Duplicate முறையில் இருந்ததால், Do not disturb தானாகவே இயங்கி அறிவிப்புகளை மறைத்துவிட்டது. யாருக்காவது திரையைக் காட்டும்போது சொந்தச் செய்திகள் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காக விண்டோஸில் இருக்கும் ஏற்பாடு அது. விண்டோஸ் 11-இல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மணிப் படத்தில் சின்னதாக 'z' எழுத்து தெரிந்தால், அறிவிப்பு தூங்குகிறது என்று அர்த்தம். விண்டோஸ் விசையோடு P அழுத்தி Extend-க்கு மாற்றுங்கள். பிறகு ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார்த்து, ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அமைப்புகளைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். உடன் வேலை செய்பவரிடம் ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, சத்தம் காதில் விழுகிறதா, பெட்டி திரையில் வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். மைக்கில் ஒரு வரி பேசிப் பதிவு செய்து கேளுங்கள். சாட் தனி டேபில் திறக்கிறதென்றால் இன்னொன்றும் உண்டு: வேறு டேபிலிருந்து அதற்குத் திரும்பும்போது பக்கம் முதலிலிருந்து லோட் ஆனால், க்ரோம் அதைத் தூங்க வைத்திருக்கிறது. Settings-இல் Performance பகுதியில் Always keep these sites active என்ற இடத்தில் அந்தத் தளத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது க்யூ. இதற்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். நேற்று யாருக்கோ உதவப் போட்ட ஃபில்டர் அப்படியே கிடக்கும். பட்டியல் காலியாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிடாமல், எந்தக் குழு, எந்த நிலை, எந்த மொழி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். இங்கே பிரெஞ்சு டிக்கெட்டுகளும் வரும். உங்களுக்கு அந்த மொழி தெரியாதென்றால் அவை உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது. வந்தால் அன்றே லீடிடம் சொல்லுங்கள்.

நீங்கள் Pending-இல் வைத்துவிட்டுப் போன டிக்கெட்டுக்கு இரவில் வாடிக்கையாளர் பதில் எழுதியிருந்தால், ஜென்டெஸ்க் மென்பொருளில் அது தானாக Open ஆகிவிடும். புதிதாக வந்தவற்றை மட்டும் காட்டும் பட்டியலில் அது தெரியாது. அதனால் முதலில் உங்கள் பெயரில் இருப்பவற்றைத் திறந்து, கெடு நெருங்குவது மேலே வரும்படி அடுக்குங்கள்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். இந்தியாவில் நாடு முழுக்க ஒரே நேரம், இங்கே அப்படியில்லை. வான்கூவர்க்காரர் "மூன்று மணிக்குக் கூப்பிடுங்கள்" என்றால் கோடையில் நமக்கு ஆறு மணி. நியூஃபவுண்ட்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ப்ரொஃபைலில் டொராண்டோ நேரம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். திரும்ப அழைக்க வேண்டியதை மட்டும் இரண்டு நேரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு Online. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் Away போட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மொத்தம் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அந்த நிமிடங்கள் சம்பள நேரத்தில் சேருமா என்று லீடிடம் தயங்காமல் கேளுங்கள். ஊர்ப் பழக்கத்தில் நான் ஆறு மாதம் கேட்காமலே இருந்தேன். ஒன்டாரியோ சட்டத்தில், நிறுவனம் சொல்லியோ தெரிந்தே அனுமதித்தோ நீங்கள் செய்யும் வேலை, வேலை நேரம்தான்.