வேறு எண் சொல்லி மறுபடி பிரசன்னம் பார்க்கலாமா?

கேள்வி: மகளுக்கு ஒரு வரன் வந்தது. போன வெள்ளிக்கிழமை கே.பி. முறை ஜோதிடரிடம் 7 என்று எண் சொன்னேன். "இந்த இடம் அமையாது" என்றார். இன்றோடு ஒரு வாரம். தரகர், "வாரம் கழிந்தால் கிரகம் மாறிவிடும், வேறு எண் சொல்லி மறுபடி கேளுங்கள்" என்கிறார். கேட்கலாமா?

பதில்: வேறு எண் சொல்லிக் கேட்காதீர்கள். கிரகம் மாறிவிடும் என்று தரகர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் அவருக்குப் பிழைப்பு ஓடாது.

ஒரு வாரத்தில் வானத்தில் என்ன நகர்கிறது என்று முதலில் பாருங்கள். சந்திரன் ஏறக்குறைய 92 பாகை, அதாவது மூன்று ராசி தாண்டிவிடும். சூரியன் 7 பாகை. குரு ஒரு பாகைக்கு முன்பின். சனி அதற்கும் குறைவு. ராகு கேது பின்னோக்கி மூன்றில் ஒரு பாகைதான். ராசி ராசியாகத் தாண்டியது சந்திரன் ஒன்றுதான். குரு, சனி, ராகு, கேது கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிரசன்னம் என்பது பிறந்த ஜாதகம் பார்க்காமல், கேட்கிற கேள்விக்கே பலன் சொல்வது. கே.பி., அதாவது கிருஷ்ணமூர்த்தி பத்ததிப் பிரசன்னத்தில் 1 முதல் 249 வரை எண் சொல்லச் சொல்வார்கள். 27 நட்சத்திரத்தை ஒவ்வொன்றையும் ஒன்பது உபமாக, அதாவது கிரகத்துக்கு ஒன்றாக ஒன்பது துண்டாக வெட்டினால் 243. ராசி எல்லையில் விழும் ஆறு உபங்கள் இரண்டிரண்டாகப் பிரிவதால் 249. நீங்கள் சொல்லும் எண்தான் லக்னம். கடிகாரம் அதைத் தீர்மானிப்பதில்லை.

7 என்றால் மேஷத்தில் 7 பாகை 33 கலை 20 விகலை லக்னம். நேர் எதிரே துலாத்தில் அதே அளவில் ஏழாம் பாவம் தொடங்கும். அந்த இடம் சுக்கிரன் வீடு, சுவாதி நட்சத்திரம், ராகு உபம். கே.பி.யில் தீர்ப்புச் சொல்வது அந்த உபத்தின் நாதன், அதாவது உபாதிபதி. ஆக, உங்கள் மகள் கல்யாணத்துக்கு 'ஆம், இல்லை' சொல்வது ராகு. அவர் 2, 7, 11-ஆம் பாவங்களைக் காட்டினால் அமையும். 1, 6, 10 பக்கம் சாய்ந்தால் அமையாது.

அடுத்த எண் 8-ஐச் சொல்லியிருந்தால்? லக்னம் மேஷம் 9 பாகை 20 கலை. ஏழாம் பாவமும் துலாத்தில் அதே அளவுக்கு நகர்ந்து, சுவாதியிலேயே குரு உபத்தில் போய் விழும். வீடு அதே, நட்சத்திரமும் அதே. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவர் ராகுவிலிருந்து குருவுக்கு மாறிவிட்டார். வாயில் வந்த ஒரே ஓர் இலக்கம் செய்த வேலை இது. வாரம் கழிந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு எண் சொல்லியிருந்தால் அன்றைக்கே, அடுத்த நிமிடமே மாறியிருக்கும்.

அதே 7-ஐச் சொன்னால், அதே ஊரில் பார்த்தால், பாவங்கள் ஒன்றும் அசையாது. ஏழாமிட உபம் அதே ராகு. அவரும் பெரும்பாலும் அதே நட்சத்திரத்தில்தான் நிற்பார். பதிலும் அநேகமாக அதேதான் வரும். பணம் மட்டும் இரண்டாவது தடவை போகும். எண்ணை மாற்றினால் அது தூண்டில் போடுவது. ஒவ்வொரு தடவையும் 'ஆம்' வர சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், மூன்று எண் சொன்னால் ஒரு தடவையாவது 'ஆம்' விழ எட்டில் ஏழு வாய்ப்பு. அப்படி விழுந்த 'ஆம்' மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நியாயமாக மறுபடி கேட்கும் சந்தர்ப்பம் உண்டு. முதல் கேள்விக்குப் பிறகு வெளியே நடந்த ஒரு சம்பவத்தைத் தேதி போட்டு ஒரு வரியில் எழுத முடிகிறதா பாருங்கள். "செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா போன் செய்து, நகை விஷயத்தில் இறங்கி வருகிறோம் என்றார்." இப்படி எழுத முடிந்தால் அது புதுக் கேள்வி, கேட்கலாம். "மனசு கேட்கவில்லை", "நல்ல இடமாகத் தெரிகிறது" என்று ஆரம்பித்தால் அது பழைய கேள்வியேதான். முதல் பதிலில் ஜோதிடர் கெடு சொல்லி, அந்தக் கெடு தாண்டிவிட்டாலும் ஒரு முறை கேட்கலாம்.

முதல் கேள்வியே செல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் நுழையப் பார்க்கும் சந்து இதுதான். எண், கேள்வி கேட்கிறவர் வாயிலிருந்து, விஷயத்தை மனதில் வைத்து, யோசிக்காமல் வர வேண்டும். "7 எங்கள் குடும்பத்துக்கு ராசியான எண்" என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாலோ, தரகர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருந்தாலோ அந்தப் பிரசன்னம் செல்லாது. சந்திரனும் இதைக் காட்டிக்கொடுக்கும். பிரசன்னத்தில் சந்திரன் கேட்கிறவர் மனசு. நின்ற இடத்தாலோ நட்சத்திர நாதனாலோ அது கல்யாண பாவங்களைத் தொடாமல், கடன் நோய் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் உங்கள் நினைப்பு அன்றைக்கு வேறெங்கோ இருந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு நாள் ஒரே ஒரு தடவை கேட்பது சரி. ஆனால் இந்தச் சோதனையைப் பதில் சொல்லும் முன் செய்ய வேண்டும். 'அமையாது' என்று காதில் விழுந்த பிறகு "அய்யோ, எண்ணைச் சரியாகச் சொல்லவில்லையே" என்றால் அதுவும் தூண்டில்தான். 'அமையும்' என்று வந்திருந்தால் யாராவது போய்ச் சந்திரனைச் சோதித்திருப்பார்களா?

உங்கள் தரகரிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்து எந்த ஜோதிடரிடம் போகச் சொல்கிறார்? பெரும்பாலும் ஒரு பெயர் தயாராக இருக்கும். அங்கே போனால் "தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். செய்துவிட்டுப் போவீர்கள். புது எண் சொல்லச் சொல்வார்கள். இந்தத் தடவை 'அமையும்' என்று வந்தால் பரிகாரம் பலித்தது என்பார்கள். வராவிட்டால் இன்னொரு பரிகாரம், இன்னொரு எண். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. பதிலை மாற்றியது எண் என்பதைத்தான் மறைக்கிறார்கள். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் போன் ஜோதிடமும், மூன்று கேள்வி சேர்ந்த பேக்கேஜும் இந்தப் பழக்கத்தை ஊருக்கே ஊட்டி வளர்த்துவிட்டன. எழுதித் தருகிற வழக்கம் இந்தத் துறையில் ஒழுங்காக இருந்திருந்தால் பாதிப் பேர் கடையை மூடியிருப்பார்கள்.

ஆகவே நீங்களே எழுதி வாங்குங்கள். போன வெள்ளி பார்த்தவரிடம் ஒரு சீட்டில் எண், தேதி, பார்க்க ஆரம்பித்த நேரம், ஊர், ஏழாம் பாவ உபாதிபதி இந்த ஐந்தையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது "இப்போது நன்றாக வருகிறது" என்றால் அவரிடமும் இதே ஐந்தை வாங்கி, இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. எண் ஒன்றாக இருந்தும் உபாதிபதி வேறாக எழுதியிருந்தால் யாரோ ஒருவர் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார். 7 என்ற எண்ணுக்கு எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் ராகுதான் வர வேண்டும்.